நான்கு கால்வட்டங்களிலும் புள்ளி குறித்தலும் ஆள்கூறு வாசித்தலும்

ஒரு நேர்கோட்டின்மீது கிடக்கும் புள்ளியின் இடத்தைச் சொல்ல ஓர் எண் போதும். ஒரு தாளின் மேற்பரப்பிற் கிடக்கும் புள்ளிக்கோ இரண்டு எண்கள் வேண்டும். ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் இரு நேர்கோடுகளை வரைந்து, அவற்றிலிருந்து புள்ளி எவ்வளவு தூரத்தில், எப்பக்கத்தில் இருக்கின்றது என்று கூறுவதே ஆள்கூற்று முறையாகும். அவ்விரு கோடுகளும் கிடையச்சு, நிலைக்குத்தச்சு எனப்படும். அவை வெட்டும் இடம் உற்பத்தி எனப்படும். தூரத்தை எண்ணின் பருமனும், பக்கத்தை எண்ணின் குறியும் தெரிவிக்கின்றன. வலப்புறமும் மேற்புறமும் நேர். இடப்புறமும் கீழ்ப்புறமும் மறை. இவ்வழக்கே இன்று எங்கும் கைக்கொள்ளப்படுகின்றது.

இவ்வழக்கு ஒரே நாளிற் பிறந்ததன்று. பிரெஞ்சு அறிஞராகிய தெக்காட்டு 1637 ஆம் ஆண்டில் வெளியிட்ட கேத்திரகணித நூலே இம்முறைக்குப் பெயர் தந்ததாயினும், அந்நூலில் இன்றைய மாணாக்கன் வரைவது போன்ற, இருபுறமும் எண்ணிட்ட இரு அச்சுக்களைக் காணவியலாது. அவர் நீளங்களையே கையாண்டார். நீளம் என்பது மறையாக இருத்தல் அக்காலத்தார்க்கு இயல்பாகத் தோன்றவில்லை. 1704 ஆம் ஆண்டில் நியூற்றன் மூன்றாம் படி வளைகோடுகளை வகுத்து வெளியிட்ட நூலிலேயே, மறைப் பெறுமானங்கள் தயக்கமின்றி ஏற்கப்பட்டு, வளைகோடுகள் உற்பத்தியின் நாற்புறமும் வரையப்பட்டன. அறிஞர் உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட ஒரு படியை வகுப்பறையில் மாணாக்கன் ஒரு பாடவேளையிற் கடக்க வேண்டியிருக்கின்றது. முதலாம் கால்வட்டத்திற் பிழையின்றிப் புள்ளி குறிப்பவன் ஏனைய மூன்றிலும் தடுமாறுவது இதனால் வியப்பன்று. அத்தடுமாற்றம் எவ்வெவ்விடங்களில் நிகழ்கின்றது, அதனை எவ்வாறு கண்டுகொள்ளலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டு: இலங்கைத் தீவின் நான்கு கால்வட்டங்கள்

இலங்கையின் நில அளவைப் படங்களுக்குரிய ஆள்கூற்று முறையில் தீவின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதாலகாலவே நடுவிடமாகக் கொள்ளப்பட்டுள்ளது. அம்மலையை உற்பத்தியாகவும், கிழக்கு மேற்காகச் செல்லுங் கோட்டைக் கிடையச்சாகவும், வடக்குத் தெற்காகச் செல்லுங் கோட்டை நிலைக்குத்தச்சாகவும் கொண்டால், தீவு நான்கு கால்வட்டங்களாகப் பிரிகின்றது. கிழக்கும் வடக்கும் நேர். மேற்கும் தெற்கும் மறை. ஐந்து கிலோமீற்றருக்குத் திருத்தமாக, ஆறு இடங்களின் ஆள்கூறுகள் கிலோமீற்றரில் வருமாறு:

யாழ்ப்பாணக் கோட்டை (−85, 295)
திருகோணமலைக் கோணேசர் கோயில் (50, 175)
மட்டக்களப்பு நகர் (100, 80)
கதிர்காமம் (60, −65)
காலிக் கோட்டை (−60, −110)
கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம் (−100, −5)

அடைப்பினுள் முதலில் நிற்பது கிடையாள்கூறு; அடுத்து நிற்பது நிலைக்குத்தாள்கூறு. வலப்புற மேற்பகுதி முதலாம் கால்வட்டம். அங்கிருந்து இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் செல்லுந் திசைக்கு எதிராக, ஏனையவை எண்ணப்படும். ஆகவே திருகோணமலையும் மட்டக்களப்பும் முதலாம் கால்வட்டத்திலும், யாழ்ப்பாணம் இரண்டாம் கால்வட்டத்திலும், கொழும்பும் காலியும் மூன்றாம் கால்வட்டத்திலும், கதிர்காமம் நான்காம் கால்வட்டத்திலும் அமைகின்றன. குறிகளை மட்டும் நோக்கினால் முதலாம் கால்வட்டம் (+, +), இரண்டாவது (−, +), மூன்றாவது (−, −), நான்காவது (+, −) ஆகும். புள்ளியைக் குறிக்குமுன்னரே இக்குறிகளைப் பார்த்து, அது எப்பகுதியில் விழவேண்டும் என்று மாணாக்கன் வாயாற் சொல்லிப் பழகுதல் நன்று.

தாளை ஆயத்தஞ் செய்தல்

வரைபுத்தாளில் முதலிற் செய்யவேண்டியது அச்சுக்களை வரைவதன்று; தரப்பட்ட எண்களிற் பெரியதும் சிறியதும் எவை என்று பார்ப்பதாகும். மேலுள்ள பட்டியலிற் கிடையாள்கூறுகள் −100 இலிருந்து 100 வரையும், நிலைக்குத்தாள்கூறுகள் −110 இலிருந்து 295 வரையும் செல்கின்றன. எனவே உற்பத்தியைத் தாளின் நடுவில் வைத்தல் தவறாகும். மேலே ஏறத்தாழ மூன்று பங்கும் கீழே ஒரு பங்கும் இடம் வேண்டுமாதலால், கிடையச்சைத் தாளின் கீழ்ப்பகுதியில் வரைதல் வேண்டும். நாற்பகுதியும் உடைய வரைபென்றால் உற்பத்தி நடுவிலேயே இருக்கவேண்டும் என்று எண்ணுவோர் யாழ்ப்பாணத்தைக் குறிக்க இடமின்றித் திகைப்பர்.

அடுத்தது அளவிடை. ஒரு சதமமீற்றர் 50 கிலோமீற்றரைக் குறிக்குமாறு கொண்டால், தாளில் உள்ள மில்லிமீற்றர்க் கட்டம் ஒவ்வொன்றும் 5 கிலோமீற்றராகும். படம் சற்றுப் பெரிதாக வரவேண்டுமென்று ஒரு சதமமீற்றரை 30 கிலோமீற்றராகக் கொள்பவன், சிறு கட்டம் ஒவ்வொன்றும் 3 கிலோமீற்றர் எனக் கணக்கிட்டு, 295 ஐக் குறிக்க 98 கட்டமும் ஒரு மூன்றிலொரு பங்கும் எண்ண நேரும். அளவிடையை 1, 2, 5 அல்லது இவற்றின் பத்தின் மடங்குகளிலேயே எடுக்கும் வழக்கத்தின் காரணம் இதுவே. அத்துடன் ஓர் எல்லையையும் மாணாக்கன் உணரவேண்டும். நன்கு கூராக்கிய பென்சிலாற் குறித்தாலும் அரை மில்லிமீற்றருக்கு மேல் திருத்தம் எதிர்பார்த்தல் அரிது. ஆகவே இப்படத்தில் இரண்டரைக் கிலோமீற்றர் வரையான வழு இருந்தே தீரும். இதிலிருந்து வாசித்த விடையை மீற்றர் வரை எழுதுதல் பொருளற்றது.

அச்சுக்களுக்கு எண்ணிடும்போது இரண்டு விதிகளை மறக்கலாகாது. முதலாவது, எண்கள் கோடுகளுக்கு உரியன; கட்டங்களுக்கு உரியனவல்ல. 50 என்பது உற்பத்தியிலிருந்து ஒரு சதமமீற்றர் தள்ளி நிற்கும் கோட்டின் பெயர்; இரு கோடுகளுக்கிடையே உள்ள வெளியின் பெயரன்று. இரண்டாவது, மறைப்பக்கத்து எண்கள் உற்பத்தியிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பருமனிற் கூடுகின்றன, பெறுமானத்திலோ குறைகின்றன. உற்பத்திக்கு இடப்புறம் அடுத்து நிற்பது −50, அதற்கப்பால் −100, அதற்கப்பால் −150. இடமிருந்து வலமாக எண்ணிட்டுப் பழகிய கை, இடக்கோடியில் −50 என்று தொடங்கி உற்பத்தியை அணுகுகையில் −150 என்று எழுதிவிடுவதுண்டு. அச்சின் மேல் இடமிருந்து வலமாக விரலை ஓட்டும்போது எண்கள் தொடர்ந்து கூடவேண்டும்: −150, −100, −50, 0, 50, 100. இவ்வரிசை எங்கேனும் முறிந்தால் எண்ணிட்டதில் தவறுண்டு.

புள்ளி குறித்தல்

யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். உற்பத்தியிற் பென்சில் முனையை வைத்தல் வேண்டும். முதலெண் −85. குறி மறையாதலால் இடப்புறம் செல்லல் வேண்டும். 85 கிலோமீற்றர் என்பது பதினேழு சிறு கட்டம், அதாவது 1.7 சதமமீற்றர். அவ்விடத்தை அடைந்ததும் புள்ளியிடாது, அங்கிருந்தே நிலைக்குத்தாகத் திரும்புதல் வேண்டும். இரண்டாமெண் 295, குறி நேர், ஆகவே மேல்நோக்கி 5.9 சதமமீற்றர். அங்கே ஒரு சிறு குறுக்குக்குறி இட்டுப் பெயரெழுதினால் வேலை முடிந்தது. தடித்த பொட்டினும் குறுக்குக்குறி சிறந்தது. அதன் இரு கோடுகளும் வெட்டுமிடம் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

இங்குத் தொடக்கநிலை மாணாக்கர் செய்யும் தவறு ஒன்றுண்டு. முதலெண்ணுக்கு உற்பத்தியிலிருந்து சென்று ஒரு குறியும், மீண்டும் உற்பத்திக்கு வந்து இரண்டாமெண்ணுக்கு மேலே சென்று மற்றொரு குறியும் இடுவர். இதனால் அச்சுக்களின்மீது (−85, 0), (0, 295) என்னும் இரு புள்ளிகள் தோன்றும். வேண்டிய புள்ளியோ தோன்றாது. ஆறு இடங்களுக்குப் பன்னிரண்டு குறிகள் தாளில் இருந்தால், அல்லது குறிகள் யாவும் அச்சுக்களின் மீதே கிடந்தால், நிகழ்ந்தது இதுவே என அறியலாம். இரு எண்களும் சேர்ந்து ஒரே புள்ளியின் முகவரி என்பதை அம்மாணாக்கன் இன்னும் உணரவில்லை.

ஓர் எண் பூச்சியமாயிருக்கும் புள்ளிகள் தனியே கவனிக்கத்தக்கன. (0, 50) என்பது பிதுருதாலகாலவிலிருந்து கிழக்கோ மேற்கோ நகராது, நேர் வடக்கே 50 கிலோமீற்றர் சென்ற இடம். ஆகவே அது நிலைக்குத்தச்சின்மீது கிடக்கின்றது. முதலெண் கிடையச்சுக்கு உரியது என்று மட்டும் மனனஞ் செய்தவன், கிடையெண் பூச்சியமாதலாற் புள்ளி கிடையச்சில் இருக்கும் என மயங்கி அதனை (50, 0) இல் இடுவான். அஃது ஐம்பது கிலோமீற்றர் கிழக்கே உள்ள வேறோர் இடமாகும். அச்சின்மீது கிடக்கும் புள்ளி எக்கால்வட்டத்துக்கும் உரியதன்று என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க. கொழும்பு, கிடையச்சுக்கு ஒரு மில்லிமீற்றரே கீழே நிற்பினும், அச்சின்மீது நிற்காமையால் மூன்றாம் கால்வட்டத்தையே சார்கின்றது.

வாசித்தலில் நேரும் மயக்கம்

குறித்தலினும் வாசித்தல் கடினம்; மறைப்பக்கத்தில் அது பின்னும் கடினம். தாளில் யாழ்ப்பாணத்தின் புள்ளி மட்டும் தரப்பட்டு, ஆள்கூறு கேட்கப்பட்டது எனக் கொள்வோம். புள்ளியிலிருந்து கிடையச்சுக்கு நிலைக்குத்தாக இறங்கினால், −100 என எண்ணிட்ட கோட்டுக்கும் −50 என எண்ணிட்ட கோட்டுக்கும் இடையே ஓரிடத்தை அடைகின்றோம். அவ்விடம் −100 இற்கு வலப்புறம் மூன்று சிறு கட்டம் தள்ளியுள்ளது.

முதலாம் கால்வட்டத்திற் பழகியவன் எப்பொழுதும் இடப்புற எண்ணை எடுத்து, அதனோடு சிறு கட்டங்களின் பெறுமானத்தைச் சேர்த்துப் பழகியிருப்பான். இங்கும் இடப்புற எண்ணாகிய 100 ஐ எடுத்து, மூன்று கட்டத்துக்குரிய 15 ஐச் சேர்த்து, 115 ஆக்கி, முன்னே மறைக்குறியை இட்டு −115 என எழுதுவான். அவன் கைக்கொண்ட முறை தவறன்று, கூட்டலே தவறு. −100 உடன் 15 ஐக் கூட்டினால் வருவது −85, −115 அன்று. குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பருமனை மட்டும் கூட்டியதே பிழைக்குக் காரணம். −115 எனக் கொண்டால் யாழ்ப்பாணக் கோட்டை, தீவகத்துக்கும் மேற்கே, கடலுள் நிற்கும்.

மறைப்பக்கத்திற்கு எளிய வழி, உற்பத்திக்கு அண்மையிலுள்ள எண்ணிலிருந்து வெளிநோக்கி எண்ணுவதாகும். −50 இலிருந்து இடப்புறம் ஏழு கட்டம், ஏழைந்து முப்பத்தைந்து, ஆகவே −85. நிலைக்குத்தச்சிலும் இவ்வாறே. காலிக் கோட்டை −100 இற்குக் கீழே இரண்டு கட்டத்தில் உள்ளது, ஆகவே −110. கீழேயுள்ள −150 ஐப் பற்றிக்கொண்டு எட்டுக் கட்டம் மேலே எண்ணி −190 என எழுதுபவன் முன்கூறிய அதே பிழையையே செய்தவனாவான். இப்பிழையைக் கண்டுகொள்ள ஒரு சோதனை போதும்: வாசித்த எண், புள்ளிக்கு இருபுறமும் உள்ள இரு எண்களுக்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். −190 என்பது −150 இற்கும் −100 இற்கும் இடைப்பட்டதன்று. ஆகவே அது விடையாதல் இயலாது.

பிழை விழும் இடம் பிழையின் பெயரைச் சொல்லும்

ஆசிரியர் விடைத்தாளைத் திருத்தும்போது புள்ளி தவறு என்று குறுக்குக்கோடு இடுவதோடு அமையாது, தவறான புள்ளி எங்கே விழுந்தது என நோக்குவாராயின், பிழையின் காரணம் பெரும்பாலும் தெளிவாகும். ஒவ்வொரு வகைப் பிழையும் புள்ளியைத் தனக்குரிய ஒரு முறையில் இடம்பெயர்க்கின்றது.

கிடையாள்கூற்றின் மறைக்குறியை விட்டுவிட்டால், புள்ளி நிலைக்குத்தச்சைக் கண்ணாடியாகக் கொண்டு மறுபுறம் தெறிக்கின்றது. காலி (−60, −110) இவ்வாறு (60, −110) ஆகி, அம்பாந்தோட்டைக்கு அப்பால் தென்கடலில் விழும். நிலைக்குத்தாள்கூற்றின் குறியை விட்டால் கிடையச்சே கண்ணாடியாகின்றது. கதிர்காமம் (60, −65) இவ்வாறு (60, 65) ஆகி, மட்டக்களப்புக்குத் தென்மேற்கே உள்நாட்டிற் போய் நிற்கும். இரு குறிகளும் மாறிவிட்டால், புள்ளி உற்பத்தியைச் சுற்றி அரைச்சுற்றுச் சுழன்று எதிர்ப்புறம் போகின்றது.

இரு எண்களும் இடம்மாறுதல் மிகப் பரவலான பிழையாகும். அப்பொழுது கண்ணாடியாவது, உற்பத்தியினூடாக முதலாம், மூன்றாம் கால்வட்டங்களை இருசமமாகப் பிரித்துச் செல்லுங் கோடு. யாழ்ப்பாணம் (−85, 295) இடம்மாறி (295, −85) ஆனால், இரண்டாம் கால்வட்டத்தை விட்டு நான்காம் கால்வட்டத்துக்குச் சென்று, வங்காள விரிகுடாவில் வெகுதூரம் தள்ளி விழும். பார்த்தவுடன் பிழை புலனாகும். ஆனால் முதலாம் கால்வட்டத்துப் புள்ளி இடம்மாறினாலும் முதலாம் கால்வட்டத்திலேயே நிற்கும். மூன்றாம் கால்வட்டத்துப் புள்ளியும் அவ்வாறே. மட்டக்களப்பு (100, 80) இடம்மாறி (80, 100) ஆனால், அப்புள்ளி கடலிலும் விழாது, அயற்கால்வட்டத்திலும் விழாது. மட்டக்களப்பின் வடமேற்கே வாழைச்சேனைக்கு மிக அண்மையில், கிழக்குக் கரையோரத்திலேயே விழும். படத்தைப் பார்ப்பவன் யாதொரு குறையும் காணான். முதலாம் கால்வட்டத்தில் மட்டுமே பயிற்சி கொடுக்கப்பட்ட மாணாக்கனிடம் இப்பிழை ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பதன் காரணம் இதுவே. இரண்டாம், நான்காம் கால்வட்டத்துப் புள்ளிகளே இப்பிழையை வெளிக்கொணர்வன.

இப்பிழைக்குப் பூமிசாத்திரப் பாடமும் ஓரளவு துணைபோகின்றது. அகலக்கோடு, நெடுங்கோடு கூறும்போது வடக்குத் தெற்கு நிலையே முன்னர்ச் சொல்லப்படுகின்றது: யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9° 40′, கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 80°. கணித வரைபிலும் நில அளவைப் படத்திலுமோ கிழக்கு மேற்கு நிலை முன்னும், வடக்குத் தெற்கு நிலை பின்னும் வருகின்றன. இரண்டையும் ஒரே தவணையிற் கற்கும் மாணாக்கனுக்கு இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறிவிடுதல் வேண்டும். அவனாக உணர்ந்துகொள்வான் என்று விட்டுவிடலாகாது.

எண்ணத் தொடங்குமிடத்தில் நேரும் பிழை இன்னொன்று. உற்பத்திக் கோட்டையே ஒன்று என எண்ணத் தொடங்குபவன், ஒவ்வொரு தூரத்திலும் ஒரு கட்டம் குறைவாகச் செல்கின்றான். முதலாம் கால்வட்டத்தில் மட்டும் வரைந்தால், எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு இடப்புறமும் கீழ்ப்புறமும் நகரும், உருவம் சிறிதும் கெடாது, பிழையும் தெரியாது. நாற்பகுதியிலும் வரையும்போதோ வலப்புறப் புள்ளிகள் இடப்புறமாகவும், இடப்புறப் புள்ளிகள் வலப்புறமாகவும் நகர்வதால், உருவம் அச்சுக்களை நோக்கி ஒடுங்குகின்றது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள கிடைத்தூரம் 200 கிலோமீற்றர், அதாவது நாற்பது கட்டம். இவ்வாறு எண்ணியவன் தாளில் அது முப்பத்தெட்டுக் கட்டமாக இருக்கும். அடிமட்டத்தால் ஒருமுறை அளந்தால் உண்மை வெளிப்படும்.

இவற்றிலிருந்து பயிற்சித்தாள் ஆக்குவோர்க்கு ஒரு நெறி கிடைக்கின்றது. (50, 50) போன்ற புள்ளி இடமாற்றப் பிழையைக் காட்டாது. பூச்சியம் உள்ள புள்ளி ஒரு குறிப்பிழையைக் காட்டாது. பருமனில் வேறுபட்ட, பூச்சியமல்லாத இரு எண்களைக் கொண்டு, இரண்டாம் அல்லது நான்காம் கால்வட்டத்திற் கிடக்கும் புள்ளி, மேற்கூறிய பிழைகளுள் ஒவ்வொன்றையும் வெவ்வேறிடத்திற் காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணம் அத்தகைய புள்ளியாகும். நாற்பகுதியிலும் சில புள்ளிகளும், ஒவ்வோர் அச்சின்மீதும் ஒரு புள்ளியுமாக எட்டுப் பத்துப் புள்ளிகள் கொண்ட தாள், முதலாம் கால்வட்டத்தில் நாற்பது புள்ளிகள் கொண்ட தாளினும் மிகுதியாகத் தெரிவிக்கும்.

குறிகளைச் சோதிக்கும் கணக்கு

குறித்த புள்ளிகள் சரியோ என்று அறிய மற்றொரு வழி, இரு புள்ளிகளுக்கிடையேயுள்ள தூரத்தை எண்களிலிருந்து கணித்து, அடிமட்டத்தால் அளந்ததனோடு ஒப்பிடுதலாகும். யாழ்ப்பாணத்திலிருந்து காலிக்குச் செல்வதாகக் கொள்க. கிடையாள்கூற்றின் மாற்றம், போய்ச்சேர்ந்த எண்ணிலிருந்து புறப்பட்ட எண்ணைக் கழிக்க வருவது:

−60 − (−85) = 25

நிலைக்குத்தாள்கூற்றின் மாற்றம்:

−110 − 295 = −405

அதாவது, காலி யாழ்ப்பாணத்துக்கு 25 கிலோமீற்றர் கிழக்கேயும் 405 கிலோமீற்றர் தெற்கேயும் உள்ளது. இரண்டிடமும் மறைக் கிடையாள்கூறு உடையனவாயினும் காலி சற்றுக் கிழக்கே இருப்பதை நேர்க்குறி தெரிவிக்கின்றது. செங்கோண முக்கோணத்தின் விதிப்படி நேர்த்தூரம்:

√(25² + 405²) = √164650 ≈ 406

கிலோமீற்றர் 406 என்பது தாளில் ஏறத்தாழ 8.1 சதமமீற்றர். அடிமட்டம் இதனையே காட்டவேண்டும். காலியின் நிலைக்குத்தாள்கூற்றின் மறைக்குறியை மறந்தவனுக்கு மாற்றம் 110 − 295 = −185 ஆகி, தூரம் 187 கிலோமீற்றர் எனச் சுருங்கிவிடும். தூரத்தைக் கணிக்கையில் மாற்றங்கள் வர்க்கிக்கப்படுவதால் இறுதியிற் குறி மறைந்துபோவது உண்மையே. எனினும் அதற்குமுன் கழித்தலிற் குறி தவறினால் விடை முழுவதும் கெடும்.

மறை எண்களை மறைக்கும் உத்தி

நில அளவைப் படங்களைப் பயன்படுத்துவோர் யாவரும் குறிகளைக் கவனமாகக் கையாள்வர் என எதிர்பார்த்தல் அரிது. ஆதலின் பிதுருதாலகாலவின் ஆள்கூறுகளைப் பூச்சியமாகக் கொள்ளாது, இரண்டையும் 200,000 மீற்றராகக் கொள்ளும் முறை இலங்கை நில அளவையில் ஏற்பட்டது. இதனாற் பூச்சியமிடம் மலையிலிருந்து 200 கிலோமீற்றர் மேற்கேயும் 200 கிலோமீற்றர் தெற்கேயும், கடலினுள் ஓரிடத்துக்குச் சென்றுவிடுகின்றது. தீவின் தென்கோடியாகிய தேவேந்திரமுனை மலைக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றரே தெற்கே இருப்பதாலும், மேற்குக் கரையும் 200 கிலோமீற்றருக்குள் அடங்குவதாலும், தீவின் எவ்விடத்துக்கும் மறை ஆள்கூறு வராது. தீவு முழுவதும் முதலாம் கால்வட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது எனலாம்.

மேற்கண்ட புள்ளிகளின் ஒவ்வோர் எண்ணோடும் 200 ஐக் கூட்டினால், கிலோமீற்றரில், யாழ்ப்பாணம் (115, 495), திருகோணமலை (250, 375), கதிர்காமம் (260, 135), காலி (140, 90) ஆகின்றன. குறிகள் மறைந்தனவேயன்றிச் செய்தி மறையவில்லை. முதலெண் 200 இற்குக் குறைந்தால் மலைக்கு மேற்கு. இரண்டாமெண் 200 இற்குக் குறைந்தால் மலைக்குத் தெற்கு. காலியின் 140 இலிருந்து 200 ஐக் கழிக்க −60 மீண்டும் கிடைக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து காலிக்குரிய மாற்றங்களோ 140 − 115 = 25 என்றும், 90 − 495 = −405 என்றும் முன்போலவே நிற்கின்றன. உற்பத்தி எங்கே வைக்கப்பட்டாலும் இரு புள்ளிகளின் ஆள்கூறுகள் ஒரே அளவால் மாறுவதால், அவற்றின் வித்தியாசங்கள் மாறுவதில்லை, தூரமும் மாறுவதில்லை. மாற்றத்தில் மறைக்குறி இன்னும் எஞ்சி நிற்பதையும் காண்க. உற்பத்தியை எவ்வளவு தூரம் தள்ளினாலும் தெற்கு நோக்கிய பயணம் மறையாகவே இருக்கும்.

1999 ஆம் ஆண்டின் புதிய நெய்யரியில், அதாவது கட்டக்கோட்டு வலையில், அதே மலைக்கு 200,000 இற்குப் பதிலாக 500,000 மீற்றர் என்னும் எண்கள் கொடுக்கப்பட்டன. அம்முறையில் யாழ்ப்பாணம் (415, 795) ஆகின்றது. பழைய படத்தில் வாசித்த எண்ணைப் புதிய நெய்யரியிற் குறிப்பவன், இடத்தை 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும், ஆக ஏறத்தாழ 424 கிலோமீற்றர் தள்ளிக் குறித்தவனாவான். ஆகவே ஆள்கூறு ஒன்றை வாசிப்பவன் முதலில் வினவவேண்டியது அதன் பூச்சியம் எங்கே உள்ளது என்பதாகும். அடுத்து, முதலெண் எத்திசைக்கு உரியது என்பதாகும். அதன்பின், குறி யாது என்பதாகும். இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னரே தாளில் உள்ள கட்டங்களை எண்ணத் தொடங்குதல் முறையாகும்.